பேலன்ஸ் வந்தால் ஒரிஜினல்

கண்டெய்னர் தூத்துக்குடியை விட்டுக் கிளம்பியாயிற்று. அட்வான்ஸாக வந்தது முப்பது சதவீதம். மீதி எழுபது இன்னும் வரவில்லை. அந்தச் சமயத்தில்தான் வெளிநாட்டு வாடிக்கையாளரிடமிருந்து இனிமையான மின்னஞ்சல் ஒன்று வரும்: “ஒரிஜினல் ஆவணங்களைக் கூரியரில் போட்டுவிடுங்கள், பணம் இந்த வாரமே வந்துவிடும்.” கரூரிலும் திருப்பூரிலும் ஏற்றுமதி அலுவலகங்களில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு இது புதிதல்ல. இதற்கு எழுதும் பதிலும் புதிதல்ல: பேலன்ஸ் எங்கள் கணக்கில் ஏறிய பிறகுதான் ஒரிஜினல் ஆவணங்களை விடுவிப்போம்.

இந்த ஒரு வரியை எழுதத் தயங்குகிறவர்கள் நிறைய. ஆர்டர் போய்விடுமோ, அடுத்த சீசனுக்குக் கூப்பிடாமல் விட்டுவிடுவாரோ என்ற பயம். ஆனால் வாங்குகிறவர் அதிர்ச்சியடைய இதில் எதுவும் இல்லை. அவர் தன் நாட்டுக்கு இறக்குமதி செய்யும் ஒவ்வொரு தேசத்திலிருந்தும் இதே பதில்தான் வருகிறது. அதிர்ச்சி வருவது, முதலில் சொல்லாமல் கடைசியில் சொல்லும்போதுதான்.

ஒரிஜினல் ஆவணங்கள் என்றால் ஒரு கத்தை. இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், சரக்கு எந்த நாட்டில் தயாரானது என்பதற்கான சான்றிதழ் எல்லாம் அதில் உண்டு. ஆனால் உண்மையில் பிடித்து வைக்க வேண்டியது ஒன்றுதான்: பில் ஆஃப் லேடிங். ஏற்றுமதிக்காரர்கள் வாயில் பி.எல். சரக்கைக் கப்பலில் ஏற்றிக்கொண்டதற்குக் கப்பல் நிறுவனம் தரும் ரசீது அது. வெறும் ரசீதாக மட்டும் இருந்தால் இத்தனை மதிப்பு இருக்காது. கோயில் வாசலில் செருப்பு விட்டு வாங்கும் டோக்கனைப் போல, அந்தத் தாளின் ஒரிஜினலைக் கொண்டுவந்து நீட்டுகிறவருக்குத்தான் சேரும் துறைமுகத்தில் சரக்கைக் கொடுக்க வேண்டும். தாள் யார் கையில் இருக்கிறதோ, நடுக்கடலில் போய்க்கொண்டிருக்கும் கண்டெய்னரும் அவர் கையில்தான்.

வழக்கமாக ஒரே பி.எல்லுக்கு மூன்று ஒரிஜினல்கள் தருவார்கள். அஞ்சல் கப்பல்கள் மூழ்கிப்போன காலத்தில், வெவ்வேறு கப்பல்களில் ஒவ்வொன்றாக அனுப்பினால் ஒன்றாவது போய்ச் சேரும் என்று தொடங்கிய வழக்கம். இதில் ஒரு பொறி உண்டு. மூன்றில் எந்த ஒன்றைக் கொடுத்துச் சரக்கை எடுத்தாலும், மற்ற இரண்டும் செல்லாத காகிதம். ஜமைக்காவிலிருந்து லண்டனுக்கு வந்த சர்க்கரை விஷயத்தில் இது நீதிமன்றம்வரை போனது. சரக்குக்கு உரியவர் முதல் பிரதியை க்ளின் மில்ஸ் என்ற வங்கியில் அடகு வைத்துக் கடன் வாங்கினார். இரண்டாவது பிரதியைக் காட்டிக் கிடங்கிலிருந்து சர்க்கரையை விடுவித்துக்கொண்டார். வங்கி கிடங்கு நிறுவனத்தின்மேல் வழக்குப் போட்டது. 1882இல் பிரிட்டனின் பிரபுக்கள் சபை, இன்னொருவரின் உரிமை தெரியாமல் நல்லெண்ணத்துடன் ஒரு பிரதியை வாங்கிக்கொண்டு சரக்கைக் கொடுத்த கிடங்கின்மேல் தவறில்லை என்று தீர்ப்பளித்தது. கையில் ஒரு பிரதி இருந்தும் வங்கிக்கு எதுவும் கிடைக்கவில்லை.

அதனால்தான், “இரண்டை அனுப்புங்கள், ஒன்றை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்” என்று வாங்குகிறவர் சமாதானம் பேசும்போது, அனுபவப்பட்ட ஆவணப் பிரிவுக்காரர்கள் தலையாட்டுவதில்லை. கரூர்ப் பக்கத்து அலுவலகம் எதிலும் இந்தப் பேச்சைக் கேட்கலாம்.

“ஏனுங்கண்ணா, ரெண்டு ஒரிஜினல் அனுப்பிட்டு ஒண்ண நாம வெச்சுக்கிட்டா ஆகாதுங்களா?”

“ஒண்ணு போனாலே சரக்கு போச்சு தம்பி. மூணும் பீரோவுல இருக்கட்டும்.”

சரி, மூன்றும் பீரோவில் இருக்கின்றன. அப்படியும் கப்பல் நிறுவனம் ஒரிஜினல் இல்லாமல் சரக்கைக் கொடுத்துவிட்டால்? இங்கிலாந்தின் ராம்ப்ளர் சைக்கிள் கம்பெனிக்கு அதுதான் நடந்தது. சைக்கிள் உதிரி பாகங்களைச் சிங்கப்பூருக்கு அனுப்பியது. பணம் கட்டினால்தான் கொடுக்க வேண்டும் என்ற கட்டளையோடு ஆவணங்களை அங்கிருந்த வங்கிக்கு அனுப்பி வைத்தது. வாங்கியவர் அந்த வங்கிப் பக்கமே போகவில்லை. வேறொரு வங்கியை, அதாவது சே ஹாய் டோங் வங்கியைத் துணைக்கு வைத்து, “பின்னால் ஏதாவது பிரச்சினை வந்தால் நாங்கள் பொறுப்பு” என்று கப்பல் நிறுவனத்துக்கு எழுதிக் கொடுத்துச் சரக்கை அள்ளிக்கொண்டு போனார். பணம் கட்டவில்லை. வழக்கு பிரிவி கவுன்சில்வரை போய் 1959இல் முடிந்தது. ஒரிஜினல் பி.எல். இல்லாமல் சரக்கைக் கொடுத்தது கப்பல் நிறுவனத்தின் தவறு, அந்த நிறுவனமே ஈடுகட்ட வேண்டும் என்பது தீர்ப்பு. பொறுப்பைத் தட்டிக்கழிக்க அந்த நிறுவனம் பி.எல்லில் அச்சடித்திருந்த விலக்குகளும் எடுபடவில்லை. ஏற்றுமதியாளர் “ஒரிஜினல் எங்களிடம் இருக்கிறது” என்று தைரியமாகச் சொல்வதன் அடியில் இருப்பது இதுபோன்ற தீர்ப்புகள்தான்.

நடைமுறையில் இது எப்படி ஓடுகிறது என்பதற்கு ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். கரூர் ஏற்றுமதியாளர் ஒருவர், ஹாம்பர்க்கில் ஓர் இறக்குமதியாளர். சமையலறைத் துண்டும் மேசை விரிப்பும் ஒரு கண்டெய்னர், மதிப்பு 48,000 டாலர். முப்பது சதவீதம், அதாவது 14,400 டாலர் அட்வான்ஸ். மீதி 33,600 டாலர். சரக்கு முழுக்க வாங்குகிறவரின் பிராண்ட் லேபிள் தைத்தது.

வேலை தொடங்கும் இடம் புரோஃபார்மா இன்வாய்ஸ். “மீதி எழுபது சதவீதம், பி.எல். ஸ்கேன் நகல் அனுப்பிய ஏழு நாளுக்குள், தொகை எங்கள் வங்கிக் கணக்கில் வரவான பிறகே ஒரிஜினல்கள் அனுப்பப்படும்” என்ற வாசகம் அதில் இருக்க வேண்டும். வெறுமனே “முப்பது அட்வான்ஸ், எழுபது ஆவணங்களுக்கு எதிராக” என்று போட்டுவிட்டால் இரண்டு பக்கமும் இரண்டு விதமாகப் படிக்கும். ஸ்கேனைப் பார்த்ததும் கட்ட வேண்டும் என்று விற்பவர் படிப்பார். ஒரிஜினல் கைக்கு வந்ததும் கட்டலாம் என்று வாங்குபவர் படிப்பார். ஏழு நாள் என்பதும் சும்மா போடுவதல்ல. தேதி இல்லாவிட்டால், கப்பல் ஹாம்பர்க் வந்து சேரும் வாரம்வரை வாங்குபவருக்கு அவசரமே இருக்காது. நூல் கொடுத்த மில்லுக்கும் தறிக்காரருக்கும் ஏற்றுமதியாளர் அதற்குள் பணம் கொடுத்தாக வேண்டும்.

அடுத்தது பி.எல். வரைவு. கப்பல் நிறுவனம் அச்சடிப்பதற்கு முன் சரிபார்க்கச் சொல்லி வரைவை அனுப்பும். பலரும் எடை, பெட்டி எண்ணிக்கை, கண்டெய்னர் எண் எல்லாம் பார்த்துவிட்டு “ஓ.கே.” போட்டுவிடுவார்கள். முதலில் பார்க்க வேண்டியது கன்சைனி என்ற கட்டம். அதில் ஹாம்பர்க் நிறுவனத்தின் பெயரைப் போடாமல் ‘டு ஆர்டர்’ என்று போட வேண்டும். அப்போதுதான் பி.எல்லின் பின்புறம் ஏற்றுமதியாளர் கையெழுத்திட்டு முத்திரை குத்தும்வரை சரக்கு யாருக்கும் உரிமையாகாது. கப்பல் வந்ததைத் தெரிவிக்க வேண்டிய கட்டத்தில் வாங்குபவரின் பெயர் இருந்தால் போதும். வாங்குபவரின் பெயரே கன்சைனியாக இருந்தால் சில நாடுகளில் பிடி தளர்ந்துவிடும். அமெரிக்காவில், பெயர் குறிப்பிட்ட பி.எல். என்றால் ஒரிஜினலைத் திரும்ப வாங்காமலே அந்தப் பெயருக்குரியவரிடம் கப்பல் நிறுவனம் சரக்கைக் கொடுத்துவிடலாம். நியூயார்க் வாடிக்கையாளரிடம் “ஒரிஜினல் தர மாட்டோம்” என்று மிடுக்காக எழுதிக்கொண்டிருக்கும் நேரத்தில் சரக்கு அவர் கிடங்கில் இறங்கிக்கொண்டிருக்கக்கூடும். ‘சீ வேபில்’ என்று தலைப்பிட்ட தாள் வந்தாலும் இதே கதை. அதற்கு ஒரிஜினல் என்பதே கிடையாது.

கப்பல் கிளம்பி இரண்டு மூன்று நாளில், கட்ட வேண்டிய தொகையைக் கட்டியதும், மூன்று ஒரிஜினல்களும் கைக்கு வரும். ஸ்கேன் எடுக்கும்போது முன்பக்கத்தின் குறுக்கே ‘நகல்’ என்று பெரிதாக விழும்படி எடுப்பது நல்லது. நல்ல அச்சு இயந்திரம் இருந்தால் சுத்தமான ஸ்கேனிலிருந்து ஒரிஜினல் போன்ற ஒன்றைத் தயாரிக்க முடியும். வாங்குபவருக்கு அந்த ஸ்கேனில் தேவைப்படுவது பி.எல். எண்ணும் கண்டெய்னர் எண்ணும்தான். அவற்றைக் கப்பல் நிறுவனத்தின் இணையதளத்தில் போட்டு, சரக்கு உண்மையிலேயே கிளம்பிவிட்டதா என்று பார்த்துக்கொள்வார். அவருக்கும் பயம் இருக்கும் அல்லவா? கல்லை நிரப்பி அனுப்பியவர்களையும் அவர் கேள்விப்பட்டிருப்பார்.

இப்போது மின்னஞ்சல். இதில் மிரட்டல் தொனியும் கூடாது, கெஞ்சலும் கூடாது. ஏறக்குறைய இப்படி இருக்கலாம்:

“உங்கள் ஆர்டர் ஜூன் 5ஆம் தேதி தூத்துக்குடியிலிருந்து கிளம்பிவிட்டது. பி.எல்., இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட் நகல்களை இணைத்திருக்கிறோம். ஒப்புக்கொண்டபடி மீதித் தொகை 33,600 டாலரை ஜூன் 15க்குள் அனுப்ப வேண்டுகிறோம். மூன்று ஒரிஜினல் பி.எல்களும் எங்களிடம் தயாராக இருக்கின்றன. தொகை எங்கள் கணக்கில் வரவான மறுநாள் கூரியரில் அனுப்பி, கூரியர் எண்ணைத் தெரிவிக்கிறோம். எங்கள் வங்கிக் கணக்கு புரோஃபார்மா இன்வாய்ஸில் உள்ளதே. அதில் மாற்றம் எதுவும் இல்லை.”

இதில் இரண்டு இடங்கள் கவனிக்கத் தக்கவை. ஒன்று, ‘வரவான’ என்ற சொல். பல வாடிக்கையாளர்கள் தங்கள் வங்கியிலிருந்து பணம் அனுப்பியதற்கான ஸ்விஃப்ட் நகலை அனுப்பிவிட்டு, “இதோ கட்டிவிட்டேன், ஆவணங்களை விடுங்கள்” என்பார்கள். பெரும்பாலும் அது உண்மையான நகல்தான். இரண்டு மூன்று வேலை நாளில் பணமும் வந்துவிடும். ஆனால் அந்த நகலைப் போலியாகத் தயாரிப்பது கடினமல்ல. உண்மையாகவே இருந்தாலும், இடையில் உள்ள வங்கி விவரம் கேட்டுத் திருப்பி அனுப்பலாம். இரண்டு நாள் காத்திருந்தால் யாருக்கும் நட்டமில்லை, கப்பல் இன்னும் நடுக்கடலில்தான் இருக்கிறது. நகல் வந்ததுமே அதைத் தன் வங்கியின் அந்நியச் செலாவணிப் பிரிவுக்கு அனுப்பி, இந்தத் தொகை வந்து நிற்கிறதா என்று கேட்டுவிடலாம்.

மற்றொன்று, கணக்கில் மாற்றமில்லை என்ற வரி. இரண்டு பேருக்கும் நடுவே மின்னஞ்சலில் புகுந்து, ஏற்றுமதியாளர் எழுதியதுபோலவே “எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது” என்று எழுதும் மோசடிக் கும்பல்கள் காத்திருப்பது சரியாக இந்தக் கட்டத்துக்குத்தான். வாங்குபவர் நல்ல எண்ணத்தோடு 33,600 டாலரையும் யாருக்கோ கட்டிவிட்டு ஒரிஜினலைக் கேட்பார். அந்தச் சண்டையில் இருவர் பக்கமும் நியாயம் இருக்கும், பணம் மட்டும் இருக்காது.

பணம் வந்த பிறகு எப்படி விடுவிப்பது என்பது தூரத்தைப் பொறுத்தது. ஹாம்பர்க் போகக் கப்பலுக்கு ஐந்தாறு வாரம். கூரியருக்கு ஒரு வாரத்துக்குள். ஆக ஒரிஜினலையே அனுப்பலாம். துபாய், கொழும்பு என்றால் தாளுக்கு முன்னால் சரக்கு போய் நின்றுவிடும். அப்போது மூன்று ஒரிஜினல்களையும் இங்கேயே கப்பல் நிறுவனத்திடம் ஒப்படைத்துவிட்டால், அவர்கள் சேரும் துறைமுக அலுவலகத்துக்குத் தகவல் அனுப்பி, ஒரிஜினல் இல்லாமலே சரக்கைக் கொடுக்கச் சொல்வார்கள். இதைத்தான் டெலக்ஸ் ரிலீஸ் என்கிறார்கள். ஒரு முறை சொல்லிவிட்டால் திரும்பப் பிடிக்க முடியாது என்பதால், இந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போடும் உரிமையை முதலாளி தன்னிடமே வைத்துக்கொள்வது வழக்கம். விமானத்தில் அனுப்பும் சரக்குக்கு இந்த வித்தை எதுவும் செல்லாது. ஏர்வே பில் உரிமைப் பத்திரமே அல்ல. அதில் பெயர் உள்ளவர் அடையாளத்தைக் காட்டி எடுத்துக்கொண்டு போய்விடுவார். விமானச் சரக்குக்குப் பேலன்ஸை ஏற்றுவதற்கு முன்பே வாங்கிவிட வேண்டும்.

எல்லாம் சரியாக இருந்தும் ஏமாறுகிற இடம் ஒன்று உண்டு. எஃப்.ஓ.பி. விலையில் விற்கும்போது கப்பல் வாடகை வாங்குபவர் பொறுப்பு. எந்த ஃபார்வர்டர் என்பதையும் அவரே சொல்வார். அந்த ஃபார்வர்டர் கப்பல் நிறுவனத்திடம் மாஸ்டர் பி.எல். ஒன்றைத் தன் பெயரில் வாங்கிக்கொண்டு, ஏற்றுமதியாளருக்குத் தன் சொந்தத் தாளில் ஹவுஸ் பி.எல். கொடுப்பார். ஏற்றுமதியாளர் பீரோவில் பூட்டி வைத்திருப்பது அந்த ஹவுஸ் பி.எல்லைத்தான். ஹாம்பர்க்கில் கப்பல் நிறுவனம் மாஸ்டர் பி.எல்லைப் பார்த்து ஃபார்வர்டரின் ஏஜென்டிடம் கண்டெய்னரைக் கொடுக்கும், அது சரிதான். அந்த ஏஜென்ட், தனக்கு ஆண்டு முழுவதும் வேலை தரும் வாடிக்கையாளர் கேட்கிறார் என்று ஹவுஸ் பி.எல். இல்லாமலே கதவைத் திறந்துவிட்டால், கப்பல் நிறுவனத்தைக் கேட்க வழியில்லை. ஃபார்வர்டரைத்தான் துரத்த வேண்டும். அவர் ஒற்றை அறை அலுவலகக்காரராக இருந்தால் துரத்தியும் பயனில்லை. இந்தியாவில் 1993ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் பன்முகப் போக்குவரத்து நிறுவனமாகக் கப்பல் போக்குவரத்து இயக்குநரகத்தில் பதிவு செய்தவரா என்று முன்கூட்டிப் பார்ப்பது குறைந்தபட்ச எச்சரிக்கை. முதல் ஆர்டர், புது வாடிக்கையாளர், அவர் சொல்லும் ஃபார்வர்டர் என்று மூன்றும் சேர்ந்தால், வாடகையைத் தானே கட்டி கப்பல் நிறுவனத்தின் சொந்த பி.எல்லை வாங்குவதே மேல்.

இதற்கெல்லாம் மாற்றாக வங்கி வழியாக அனுப்புவதும் உண்டு. நம் வங்கி ஆவணங்களை வாங்குபவரின் வங்கிக்கு அனுப்பும். பணம் கட்டினால் அந்த வங்கி கொடுக்கும். கேட்க நிம்மதியாக இருக்கும். ஆனால் 2022 மார்ச்சில் வியட்நாமின் முந்திரிக்காரர்களுக்கு அந்த நிம்மதி போயிற்று. இத்தாலிக்கு ஏறக்குறைய நூறு கண்டெய்னர் முந்திரி அனுப்ப ஒரு தரகர் மூலம் பல நிறுவனங்கள் ஒப்பந்தம் போட்டிருந்தன. பணம் கட்டினால் ஆவணம் என்ற அதே வங்கி முறைதான். ஆவணங்கள் கூரியரில் போயின. வாங்குபவரின் வங்கியில் கேட்டால், வந்தவை நகல்கள்தான், ஒரிஜினல் இல்லை என்றது. 36 கண்டெய்னர்களின் ஒரிஜினல்கள் வழியில் எங்கோ மாயமாகிவிட்டன. அவை யார் கையில் இருந்தாலும் ஜெனோவா துறைமுகத்துக்குப் போய் நீட்டினால் கொடுத்தாக வேண்டும். வியட்நாம் முந்திரிச் சங்கமும் இத்தாலியில் இருந்த வியட்நாம் தூதரகமும் கப்பல் நிறுவனங்களுக்கும் இத்தாலியக் காவல்துறைக்கும் அவசர அவசரமாக எழுதிக் கண்டெய்னர்களை நிறுத்தி வைத்தன. பல வாரப் போராட்டத்துக்குப் பிறகே சரக்கு உரியவர்களிடம் திரும்பியது. பின்புறம் யார் பெயரும் குறிப்பிடாமல் கையெழுத்திட்ட பி.எல். என்பது தெருவில் கிடக்கும் ரூபாய் நோட்டுக்குச் சமம். வங்கி வழியாக அனுப்பினால் கன்சைனி கட்டத்திலோ பின்புறக் கையெழுத்திலோ அந்த வங்கியின் பெயரைக் கேட்பதும், வங்கியின் முகவரியை வாங்குபவர் சொன்னதை நம்பாமல் தனியே சரிபார்ப்பதும் இதற்காகத்தான்.

கரூர்க் கணக்குக்குத் திரும்பினால், ஜூன் 15 போய்விட்டது, பணம் வரவில்லை என்று வைப்போம். இங்கே ஏற்றுமதியாளருடைய கையின் பலம் நாளுக்கு நாள் மாறுகிறது. கப்பல் நடுவழியில் இருக்கும்வரை வாங்குபவருக்கு அவசரமில்லை. கப்பல் ஹாம்பர்க்கைத் தொடும் வாரத்தில் ஏற்றுமதியாளர் பக்கம் பலம் உச்சத்தில் இருக்கும். கடைக்காரர்கள் அங்கே சரக்குக்குக் காத்திருப்பார்கள். துறைமுகம் இலவசமாகத் தரும் நாட்கள் முடிந்ததும் தராசு மறுபக்கம் சாயத் தொடங்கும். டெமரேஜும் டிடென்ஷனும் நாள் கணக்கில் ஏறும், போகப்போக விகிதமும் கூடும். சரக்கை யாரும் எடுக்காவிட்டால் அந்தக் கட்டணத்துக்குக் கப்பல் நிறுவனம் திரும்பி வருவது பி.எல்லில் ஷிப்பராகப் பெயர் உள்ளவரிடம்தான். இது தெரிந்த சில வாங்குபவர்கள் வேண்டுமென்றே இழுத்தடிப்பார்கள். மூன்று வாரம் கழித்து, “தரம் சரியில்லை, இருபது சதவீதம் குறைத்தால் கட்டுகிறேன்” என்று கடிதம் வரும்.

ஆகவே முடிவைக் கப்பல் சேர்வதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும். சேரும் தேதிக்குப் பத்து நாள் முன்பாக, “இந்தத் தேதிக்குள் தொகை வராவிட்டால் சரக்கை வேறொருவருக்கு விற்போம், நட்டத்தை உங்கள் அட்வான்ஸிலிருந்து எடுத்துக்கொள்வோம்” என்று எழுதலாம். ஆனால் அதற்கான ஷரத்து புரோஃபார்மா இன்வாய்ஸிலேயே இருந்திருக்க வேண்டும். துருக்கி போன்ற சில நாடுகளில் முதல் வாங்குபவரின் தடையில்லாக் கடிதம் இல்லாமல் சரக்கைத் திருப்பவோ மாற்றவோ சுங்கத்துறை விடாது என்பதையும் முன்கூட்டி விசாரித்திருக்க வேண்டும்.

ஹாம்பர்க்கில் அந்தச் சிக்கல் இல்லை. அருகில் இன்னொரு வியாபாரி 26,000 டாலருக்கு எடுத்துக்கொள்ளச் சம்மதிக்கிறார் என்று கொள்வோம். லேபிளைப் பிரிப்பதற்கும் துறைமுகக் கட்டணத்துக்கும் 3,000 டாலர். பழைய அட்வான்ஸ் 14,400ஐயும் சேர்த்தால் கைக்கு வருவது 37,400. எதிர்பார்த்ததைவிட 10,600 டாலர் குறைவு. அட்வான்ஸ் வாங்காமல் அனுப்பியிருந்தால் 23,000தான் மிஞ்சியிருக்கும். பி.எல்லில் ‘டு ஆர்டர்’ என்று இருப்பதால் புதியவரின் பணம் வரவானதும் பின்புறம் கையெழுத்திட்டு அவருக்கு அனுப்பிவிடலாம். ஷிப்பிங் பில்லில் இன்னும் பழைய வாங்குபவரின் பெயரே இருக்கும். பணம் வேறு பெயரில் வந்தால் வங்கி அந்தக் கணக்கை முடிக்காமல் நிலுவையில் வைக்கும். வாங்குபவர் மாறியதையும் விலை குறைந்ததையும் கடிதப் போக்குவரத்து நகல்களோடு வங்கிக்கு உடனே எழுதிக் கொடுத்துவிட வேண்டும்.